போட்டோவில் வந்த நோட்டீஸும் வீட்டுக்காரருக்கு ஒரு பதிலும்

மொழி தெரியாத ஊரில் வாடகைக்கு இருப்பவர்களுக்குக் கதவில் ஒட்டியிருக்கும் ஒரு தாள் போதும், அன்றைய நிம்மதி போய்விடும். முத்திரை இருக்கும், தேதிகள் இருக்கும், அடிக்கோடிட்ட ஒரு வரி இருக்கும். போனை எடுத்துப் போட்டோ பிடித்து மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் ஏதோ ஒரு மாதிரி தமிழ் வரும். அதைப் படித்துவிட்டுப் பதற்றத்தோடு பதில் எழுத உட்காருவார்கள். இப்படிப்பட்ட போட்டோக்கள் எனக்கும் அடிக்கடி வரும். "இதுக்கு மரியாதையா ஒரு பதில் எழுதிக் கொடேன்" என்று கேட்பார்கள்.

பெரும்பாலும் அவர்கள் கேட்பது மரியாதையான சொற்களை. என் அனுபவத்தில் அது இரண்டாவது வேலைதான். அறிவிப்பை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள் என்பதைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே வீட்டுக்காரருக்குச் சொல்லிவிட வேண்டும். மொழிபெயர்ப்பில் பிழை இருந்தால் அதைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான். அதற்கு வழி விட்டு எழுதுவதையே நான் பணிவு என்று நினைக்கிறேன்.

ஒரு தோழியின் விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். இரண்டாம் மாடியில் குடியிருக்கிறாள். மாடிப்படி அருகே ஒரு நோட்டீஸ். கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்களை மாற்றப் போகிறார்கள். நடுவில் ஒரு அட்டவணை: எந்த மாடிக்கு எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை. கீழே மூன்று நான்கு வரிகள். எல்லாவற்றுக்கும் அடியில் பேனாவால் யாரோ கிறுக்கிய ஒரு வரி. தாள் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்ததால் நடுவில் விளக்கு வெளிச்சம் பட்டுப் பளபளத்தது. போட்டோவும் கொஞ்சம் சாய்வு.

செயலி தந்த தமிழில் "இரண்டாம் மாடி 05.06. 13–17" என்று இருந்தது. கூடவே "குடியிருப்பவர் 30.05. வரை இருக்க மாட்டார்" என்றும், "இரண்டாவது வருகையின் செலவு வசூலிக்கப்படும்" என்றும் இருந்தது. பேனா வரியைச் செயலி தொடவே இல்லை.

முதலில் அட்டவணை. போட்டோவிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் வரி வரியாகப் படிக்கும். தாள் சாய்ந்திருந்தால் இடப்பக்கக் கட்டத்தில் இருப்பதும் வலப்பக்கக் கட்டத்தில் இருப்பதும் ஒரே வரியில் சேராமல், மேல் வரியின் நேரம் கீழ் வரியின் மாடியோடு ஒட்டிக்கொள்ளக்கூடும். அதனால் அட்டவணையை மட்டும் மொழிபெயர்ப்பில் படிக்கவே கூடாது. எண்கள் எல்லா மொழியிலும் பெரும்பாலும் எண்களாகத்தானே இருக்கின்றன, மூலப் போட்டோவைப் பெரிதாக்கி விரல் வைத்து வரியை ஓட்டிப் பார்க்கலாம். அப்படிப் பார்த்ததும் தெரிந்தது, 05.06. 13–17 என்பது முதல் மாடிக்கு. இரண்டாம் மாடிக்கு 06.06., காலை 8 முதல் 12 வரை.

அடுத்தது தேதி. 05.06. என்பது ஜூன் 5 தேதியா, மே 6 தேதியா? சில நாடுகளில் நாள் முன்னே வரும், சில இடங்களில் மாதம் முன்னே வரும். செயலி இதில் தானாக ஒரு முடிவு எடுத்து "மே 6" என்று எழுதிவிடவும் வாய்ப்புண்டு. ஊகிக்க வேண்டியதில்லை. அதே தாளில் 12-க்கு மேற்பட்ட எண் வரும் தேதி ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இந்த நோட்டீஸில் 30.05. இருந்தது. முப்பதாவது மாதம் கிடையாது, ஆக நாள்தான் முன்னே. தேதிக்குப் பக்கத்தில் கிழமையும் அச்சிட்டிருந்தால் இன்னும் நல்லது. காலண்டரில் அந்தத் தேதிக்கு அந்தக் கிழமை வராவிட்டால் ஓர் இலக்கம் தவறாகப் படிக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். 3-ம் 8-ம், 5-ம் 6-ம், 1-ம் 7-ம் மங்கலான போட்டோவில் சுலபமாக மாறிப்போகும்.

"30.05. வரை இருக்க மாட்டார்" என்பதுதான் எனக்கு உறுத்தியது. நோட்டீஸ் போடுகிறவருக்குக் குடியிருப்பவர் எப்போது வெளியூர் போகிறார் என்று எப்படித் தெரியும்? அறிவிப்பில் அர்த்தமில்லாத ஒரு வாக்கியம் வந்தால் பெரும்பாலும் அது இரண்டு துண்டாக உடைந்த வாக்கியம். போட்டோவில் அந்த வரி பாதியில் மடிந்து அடுத்த வரிக்குப் போயிருந்தது, மடிப்பு விழுந்த இடத்தில்தான் அந்த வெளிச்சமும். அந்த ஒரு பகுதியை மட்டும் விளக்கை அணைத்துவிட்டு, நேராக நின்று மறுபடி எடுக்கச் சொன்னேன். வந்த வாக்கியம்: அந்த நேரத்தில் வீட்டில் இருக்க இயலாதவர்கள் 30.05.-க்குள் தெரிவிக்க வேண்டும், அல்லது சாவியைக் கட்டடப் பராமரிப்பாளரிடம் தர வேண்டும். அடேயப்பா, முதலில் வந்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பதிலுக்கே கெடு இருக்கிறது என்பது இதற்கு அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது.

செலவு பற்றிய வரியில் யார் தருவது என்பது தமிழில் விடுபட்டுவிட்டது. மூலத்தில் அது முந்தைய வாக்கியத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டிய வரி: கதவு திறக்கப்படாவிட்டால் மறுபடி வரும் செலவு குடியிருப்பவர் தலையில். மொழிபெயர்ப்பு பல நேரம் வாக்கியம் வாக்கியமாக நடப்பதால் "அவர்", "அது", "அப்படியானால்" போன்றவை எதைச் சுட்டுகின்றன என்பது நழுவிவிடும். பணம், கெடு, யார் பொறுப்பு என்ற மூன்றும் வருகிற வரிகளை முன்வாக்கியத்தோடு சேர்த்து இன்னொரு முறை மொழிபெயர்த்துப் பார்ப்பது நல்லது. "வேண்டும்", "வேண்டாம்", "செய்யலாம்" மூன்றும் குழம்புவதும் இதே வரிகளில்தான்.

பேனா வரியை எங்கள் இருவராலும் வாசிக்க முடியவில்லை. அதில் ஒரு 2 இருப்பது மட்டும் தெரிந்தது. வாசிக்க முடியாததை வாசிக்க முடியவில்லை என்றே எழுதுவோம் என்று முடிவு செய்தோம்.

இனிக் கடிதம். அவளுடைய நிலைமை இது: 06.06. காலையில் வேலையில் இருப்பாள், விடுப்பு எடுக்க முடியாது. முன்பின் அறியாதவரிடம் சாவியைக் கொடுக்க விருப்பமில்லை. எதிர்வீட்டில் இருக்கும் பெண்மணி அந்த நேரத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளச் சம்மதித்திருக்கிறார். கட்டணம் எதையும் இப்போதே ஒப்புக்கொள்கிற மாதிரி எழுதிவிடக் கூடாது. முதலில் அவளே ஒரு வரைவு எழுதி அனுப்பியிருந்தாள். அதில் "தாங்கள் குறிப்பிட்டபடியே செய்கிறேன், சிரமத்திற்கு மன்னிக்கவும், முடிந்தால் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்" என்று இருந்தது. தமிழில் கேட்க எவ்வளவு இதமாக இருக்கிறது! ஆனால் அந்த ஊர்மொழிக்குப் போகும்போது முதல் பாதி முழுச் சம்மதமாகிவிடும். சாவி, செலவு எல்லாமே அதில் அடங்கிவிடும். "முடிந்தால்" என்பதைச் செயலி "வேலை முடிந்தால்" என்று எடுத்துக்கொள்ளவும் இடமிருக்கிறது. "சொல்லுங்களேன்" என்பதில் இருக்கும் அந்த ஏகாரம், கெஞ்சலும் உரிமையும் கலந்த அந்தத் தொனி, எந்த மொழிபெயர்ப்பிலும் பிழைக்காது.

நம் மரியாதை பெரும்பாலும் வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. பல செயலிகள் தமிழிலிருந்து இன்னொரு மொழிக்குப் போகும் வழியில் ஆங்கிலத்தைத் தொட்டுவிட்டுத்தான் போகும். அங்கே "நீ", "நீங்கள்", "தாங்கள்" மூன்றும் ஒன்றாகிவிடும். மரியாதைப் பன்மை உள்ள மொழிக்கு அப்புறம் அது போய்ச் சேரும்போது எந்த வடிவத்தில் இறங்கும் என்பது நம் கையில் இல்லை. அதனால் மரியாதையை வாலில் வைக்காமல் கடிதத்தின் செயலில் வைக்க வேண்டியிருக்கிறது. கெடுவுக்குள் எழுதுவது, அவர் தேட வேண்டிய விவரத்தை நாமே தருவது, ஒரே வரியில் அவர் பதில் சொல்லும்படி கேள்வியை அமைப்பது. விளிக்கும் சொல்லை மட்டும் மொழிபெயர்க்காதீர்கள். அவர் முன்பு அனுப்பிய கடிதத்திலோ நோட்டீஸிலோ குடியிருப்பவர்களை எப்படி விளித்திருக்கிறார் என்று பார்த்து, அதே வகையான மரியாதை வடிவத்தை அவருக்கும் வையுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். தமிழில் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவது நமக்குப் பழக்கம். "காலையில் வர முடியாது" என்றால் யார் வர முடியாது என்பது நமக்குத் தெரியும், செயலிக்குத் தெரியாது. அது "அவர்" என்று போட்டு வைக்கும். எனவே நான், நீங்கள், பிளம்பர் என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் ஆளைச் சொல்லியே எழுத வேண்டும். "வந்து பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டுப் போனால் நன்றாயிருக்கும்" போன்ற வினையெச்சக் கோவைகளையும் அறுத்துச் சின்னச் சின்ன வாக்கியங்களாக்க வேண்டும். படிக்க வறட்டுத்தனமாகத்தான் இருக்கும். பரவாயில்லை, வீட்டுக்காரர் படிக்கப் போவது நம் தமிழை இல்லை.

மற்றொன்று, நோட்டீஸில் உள்ள பெயர்ச்சொற்களைத் தமிழுக்குக் கொண்டுவந்து மறுபடி திருப்பி அனுப்பக் கூடாது. "கட்டடப் பராமரிப்பாளர்" என்று நான் சொன்ன ஆள் அங்கே என்ன பதவிப் பெயரில் இருக்கிறாரோ, அந்தச் சொல்லை மூலத்திலிருந்து எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துப் பதிலில் ஒட்ட வேண்டும். வேலையின் பெயர், நோட்டீஸ் எண், கட்டடப் பிரிவின் எழுத்து எல்லாவற்றுக்கும் இதேதான். போக ஒரு முறை, வர ஒரு முறை என்று இரண்டு தடவை மொழிபெயர்த்தால் பிளம்பர் தண்ணீர்த் துறை அதிகாரியாகிவிடுவார்.

கடைசியில் தமிழில் நின்ற கடிதம் இது. பின்னால் சொல்லப்போகும் ஒரு சொல்லைத் தவிர, இதைத்தான் மொழிபெயர்த்து அனுப்பினாள்.

"பொருள்: குழாய்ப் பணி அறிவிப்பு, மே 22. வீட்டு எண் 14, இரண்டாம் மாடி.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

நான் வீட்டு எண் 14-இல் குடியிருக்கிறேன். மே 22 தேதியிட்ட உங்கள் அறிவிப்பை நான் பார்த்தேன். அதன் போட்டோவை இந்தக் கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். உங்கள் மொழியை நான் இப்போதுதான் கற்று வருகிறேன். அறிவிப்பை மொழிபெயர்ப்பின் உதவியோடு படித்தேன். நான் புரிந்துகொண்டது இதுதான்:

பிளம்பர் என் வீட்டுக்கு ஜூன் 6, வியாழக்கிழமை, காலை 8 மணிக்கும் 12 மணிக்கும் இடையில் வருவார். அதற்கு முன் நான் சமையலறை சிங்க்கின் அடியிலும் குளியலறையிலும் உள்ள பொருட்களை எடுத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் நான் வீட்டில் இருக்க இயலாவிட்டால் மே 30-க்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். இதில் ஏதாவது தவறாக இருந்தால் தயவுசெய்து திருத்துங்கள்.

அறிவிப்பின் கீழே பேனாவால் எழுதிய ஒரு வரி இருக்கிறது. அதை என்னால் வாசிக்க இயலவில்லை. அது என் வீட்டைப் பற்றியதா?

ஜூன் 6 காலை நான் வேலையில் இருப்பேன். வீட்டு எண் 13-இல் இருப்பவர் அந்த நேரத்தில் என் வீட்டில் இருப்பார். அவர் பிளம்பருக்குக் கதவைத் திறப்பார். அவர் இதற்குச் சம்மதித்திருக்கிறார். இந்த ஏற்பாடு உங்களுக்குச் சரியா? சரியில்லை என்றால், ஜூன் 6 அல்லது 7 மாலை 4 மணிக்குப் பிறகு நான் வீட்டில் இருப்பேன்.

பொருட்களை ஜூன் 5 இரவுக்குள் எடுத்து வைத்துவிடுகிறேன். இரண்டாவது வருகையின் செலவு பற்றிய வரியையும் நான் படித்தேன். மேலே சொன்ன ஏற்பாட்டால் இரண்டாவது வருகை தேவைப்படாது என்று நம்புகிறேன்.

மே 30-க்குள் நீங்கள் எழுத்தில் பதில் தந்தால் எனக்கு உதவியாக இருக்கும். நன்றி."

செலவு பற்றிய அந்த ஒரு வரியை வைக்கலாமா வேண்டாமா என்று நிறைய யோசித்தோம். "படித்தேன்" என்று இருக்கிறதே தவிர "ஏற்கிறேன்" என்று இல்லை என்பதைக் கவனியுங்கள். அறிவிப்பு கிடைத்தது என்று சொல்வதும் அதில் உள்ளதற்கு உடன்படுவதும் வேறு வேறு. ஒன்றுமே சொல்லாமல் விட்டால் பின்னால் "தெரியாது" என்ற பேச்சு வரும். "சரி" என்று எழுதினால் அது ஒப்புதல். நடுவில் இப்படி ஒரு வரி. அதேபோல "மன்னிக்கவும்" எல்லாம் போய் "நன்றி" மட்டும் நின்றது. அவள் செய்யாத தவறுக்கு எதற்கு மன்னிப்பு?

தேதிகளில் மாதத்தை எழுத்தில் எழுதியிருக்கிறோம், பிளம்பர் வரும் நாளுக்குக் கிழமையையும் சேர்த்திருக்கிறோம். 06.06. என்று எழுதினால் இந்தத் தேதியில் குழப்பமில்லை, ஆனால் 05.06. என்று எழுதியிருந்தால் படிப்பவர் வேறு மாதிரி படிக்கலாம்.

அனுப்பும் முன் மறுபடி தமிழுக்குத் திருப்பிப் பார்ப்பார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் அதே செயலியில் திருப்பினால் பெரிய பயன் இல்லை. தான் செய்த பிழையைத் தானே நேராக்கிக் காட்டிவிடும். உங்களுக்கு எல்லாம் சரியாகத் தெரியும். வேறொரு செயலியில் போட்டுத் திருப்புங்கள். அப்போதும் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. எண்கள், தேதிகள், "இல்லை" என்று முடியும் வாக்கியங்கள், கதவைத் திறப்பது யார் என்பது, இவ்வளவு போதும். அவளுடைய கடிதத்தில் "அவர் பிளம்பருக்குக் கதவைத் திறப்பார்" என்பது "பிளம்பர் கதவைத் திறப்பார்" என்று திரும்பி வந்தது. "அவர்" என்பதை "வீட்டு எண் 13-இல் இருப்பவர்" என்று மாற்றியதும் சரியாகிவிட்டது. தமிழ் வரைவையும் கடிதத்தோடு இணைத்தே அனுப்பினாள். வீட்டுக்காரருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் பின்னால் ஏதாவது சர்ச்சை வந்தால் அவள் சொன்னது இதுதான் என்று காட்ட அது இருக்கும்.

நோட்டீஸில் மற்ற குடியிருப்பவர்களின் பெயரும் போன் எண்ணும் இருந்தால், செயலியில் ஏற்றுவதற்கு முன் அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள். மொழியை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலே மொழிபெயர்க்கும் வசதி சில செயலிகளில் உண்டு, அது இதற்கு நல்லது.

இவ்வளவும் குழாய், பெயிண்ட், லிஃப்ட் பராமரிப்பு மாதிரியான நோட்டீஸ்களுக்கு. வீட்டைக் காலி செய்யச் சொல்லியோ, வாடகையை உயர்த்துவதாகவோ, பாக்கி இருப்பதாகவோ வந்தால் நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். அந்தத் தாள்களில் ஒரு சொல்லின் சட்டப் பொருள் என்ன, கெடு எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்பதெல்லாம் அந்த ஊர்ச் சட்டம் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும். தாளில் அச்சிட்ட தேதியிலிருந்தா, கையில் கிடைத்த தேதியிலிருந்தா, விடுமுறை நாள் கணக்கில் வருமா என்பதில் ஒரு நாள் பிசகினாலும் போச்சு. அப்படி வந்தால் "உங்கள் கடிதம் இன்று கிடைத்தது, படித்துவிட்டுக் கெடுவுக்குள் பதில் தருகிறேன்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் எழுதாமல், எதிலும் கையெழுத்துப் போடாமல், வாடகைதாரர் சங்கமோ சட்ட உதவி மையமோ இருக்கிறதா என்று அன்றைக்கே தேடுவது மேல்.

தோழிக்கு மறுநாளே பதில் வந்தது. வீட்டுக்காரர் அவள் எழுதிய பத்தியை எடுத்துப் போட்டு, அதற்குள்ளேயே திருத்தியிருந்தார். பேனா வரி இரண்டாம் மாடியைப் பற்றியதுதானாம். முதல் மாடி வேலை நீளும் என்று தெரிந்ததால் இரண்டாம் மாடியை ஜூன் 7, வெள்ளிக்கிழமை காலைக்கு மாற்றிவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் இருந்தால் போதும், சாவி தேவையில்லை. சிங்க்கின் அடியில் இருப்பதை எடுத்தால் போதும், குளியலறையில் எடுக்க வேண்டியதில்லை, ஏனென்றால் அங்கே குழாய் வெளிப்பக்கச் சுவர் வழியாகப் போகிறது. செலவு பற்றி அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

எதிர்வீட்டுப் பெண்மணிக்கு வெள்ளிக்கிழமை தோதுப்படுமா என்று கேட்டுவிட்டு அவள் இன்னொரு மின்னஞ்சல் அனுப்பினாள். இந்த முறை என்னிடம் கேட்கவில்லை, அனுப்பிய பிறகு நகலை மட்டும் எனக்குத் தள்ளிவிட்டாள்: "திருத்தத்திற்கு நன்றி. ஜூன் 7, வெள்ளிக்கிழமை, காலை. வீட்டு எண் 13-இல் இருப்பவர் கதவைத் திறப்பார். 8 மணி முதல் 12 மணி வரை என்ற நேரம் அப்படியேதானே?"